பொடி பார்சலுக்குள் வைக்கும் நன்றி அட்டை: எதை எழுதுவது, எதை விடுவது

வீட்டில் இட்லிப் பொடி, பருப்புப் பொடி அரைத்து இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் விற்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சேலை, சோப்பு, டெரகோட்டா நகை விற்பவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும். ஆனால் பொருள் மாறினால் அட்டையின் வாசகமும் மாற வேண்டும் என்பதால், பொடியை மட்டும் எடுத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஓர் அட்டையை எழுதிப் பார்ப்போம்.

புதிதாகத் தொடங்குபவர்களின் அட்டை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

> அன்பார்ந்த வாடிக்கையாளரே! எங்கள் தயாரிப்பை வாங்கியமைக்கு மனமார்ந்த நன்றி. உங்கள் திருப்தியே எங்கள் லட்சியம். பொருள் பிடித்திருந்தால் 5 ஸ்டார் ரிவ்யூ கொடுத்து ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள், அடுத்த ஆர்டரில் 10% தள்ளுபடி பெறுங்கள். குறை இருந்தால் எங்களிடம் மட்டும் சொல்லுங்கள். பார்சல் திறக்கும் வீடியோ கட்டாயம், இல்லையேல் மாற்றித் தரப்பட மாட்டாது. இன்ஸ்டாகிராமில் ஃபாலோ செய்யுங்கள், நண்பர்களுக்கும் பகிருங்கள்.

இதில் நான்கு வேண்டுகோள்கள், ஒரு மிரட்டல். வீடியோ விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். அட்டையைப் படிப்பவர் பார்சலைத் திறந்துவிட்டார், அதன் பிறகு எந்த வீடியோவை எடுப்பார்? அந்த வரி இருக்க வேண்டிய இடம் பார்சலின் வெளிப்பக்கம். அதைவிட நல்லது, கொரியர் டிராக்கிங் எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது அதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது. பொடிக்கு அந்த நிபந்தனையே தேவையா என்பது என் சந்தேகம். பாக்கெட் கிழிந்து வந்திருந்தால் ஒரு போட்டோ போதும்.

படிக்கும் நேரத்தில் அவர் இன்னும் சாப்பிடவில்லை

அட்டை எழுதும்போது மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது இது ஒன்றுதான். கத்திரிக்கோலால் பார்சலைப் பிரித்து, பாக்கெட்டை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு அட்டையைக் கையில் எடுக்கிறார். அரை நிமிடம் படிப்பார். அந்த அரை நிமிடத்தில் போய் "ரிவ்யூ கொடுங்கள்" என்றால் எதைப் பற்றிக் கொடுப்பார்? பேக்கிங் நன்றாக இருந்தது என்று எழுதலாம், அவ்வளவுதான். அதனால்தான் பல கடைகளின் பக்கங்களில் "சூப்பர் பேக்கிங்", "சீக்கிரம் வந்தது" என்ற ரிவ்யூக்களே நிறைந்திருக்கின்றன. அடுத்து வாங்க நினைப்பவருக்குத் தெரிய வேண்டியது காரம் எப்படி, பெருங்காய வாசம் உண்டா, குழந்தைகள் சாப்பிடுவார்களா என்பது. அதற்கு அந்த ரிவ்யூக்களில் பதில் இருக்காது.

அப்படியானால் அட்டைக்கு இரண்டு வேலை. அது சமையலறை வரை போக வேண்டும். சாப்பிட்ட பிறகு செய்ய வேண்டிய ஒரே ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். சமையலறை வரை போக, அதில் பயன்படும் ஏதோ ஒன்று இருக்க வேண்டும். "உங்கள் திருப்தியே எங்கள் லட்சியம்" என்பதை யாரும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைப்பதில்லை. எண்ணெய் எவ்வளவு, எத்தனை நிமிடம் ஊறவிட வேண்டும், டப்பாவில் எப்படி வைத்துக்கொள்வது என்று இருந்தால் வைத்திருப்பார்கள்.

எங்கே விற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து விதி மாறும்

எழுதத் தொடங்கும் முன் இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஒரே பொடியை அமேசானிலும் விற்று, வாட்ஸ்அப்பிலும் விற்றால் ஒரே அட்டையை இரண்டு பார்சலிலும் வைக்கக் கூடாது.

அமேசானில் ரிவ்யூ கேட்பது தவறில்லை, நல்ல ரிவ்யூ கேட்பதுதான் தவறு. ரிவ்யூவுக்குப் பதிலாகத் தள்ளுபடி, பணம், இலவசப் பொருள் என எதையும் தருவதாகச் சொல்லக் கூடாது. அங்கே வாங்கியவரை உங்கள் சொந்தக் கடைக்கோ வாட்ஸ்அப் ஆர்டருக்கோ திருப்பிவிடவும் கூடாது. மேலே பார்த்த அட்டை இந்த மூன்றையும் மீறுகிறது. விற்பனையாளர் கணக்கை நிறுத்திவைக்கும் அளவுக்கு இது போகலாம்.

அதில் இன்னொரு பொறி இருக்கிறது. "பிடித்திருந்தால் ரிவ்யூ எழுதுங்கள், குறை இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள்" என்ற வரி பார்க்க மிக நியாயமாக இருக்கும். அதை எழுதாத கடை குறைவு. ஆனால் அதன் வேலை, திருப்தியானவரைப் பொதுவெளிக்கும் வருத்தப்பட்டவரைத் தனி அறைக்கும் அனுப்புவது. அமேசானும் சரி, கூகுளும் சரி, இப்படிப் பிரித்துக் கேட்பதை அனுமதிப்பதில்லை. கேட்டால் எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்க வேண்டும்.

அமேசான் பார்சலுக்கு என் யோசனை, அட்டையில் ரிவ்யூ பேச்சையே எடுக்காமல் விட்டுவிடுவது. செய்முறையும் நன்றியும் மட்டும் போதும். விற்பனையாளர் பக்கத்தில் ஒவ்வோர் ஆர்டருக்கும் `Request a Review` என்று ஒரு பொத்தான் இருக்கிறது. பொருள் போய்ச் சேர்ந்த 5 நாளிலிருந்து 30 நாளுக்குள் அதை அழுத்தினால் அமேசானே தன் வாசகத்தில் கேட்டுக்கொள்ளும். பொடியைச் சாப்பிட்டுப் பார்க்கும் அவகாசம் தந்து, பத்தாம் நாள் வாக்கில் அழுத்துங்கள்.

கூகுள் ரிவ்யூ கேட்கலாமே என்று பலர் நினைக்கிறார்கள். வாடிக்கையாளரை நேரில் சந்திக்காமல் முழுக்க ஆன்லைனில் மட்டும் விற்கும் தொழிலுக்கு கூகுள் பிசினஸ் புரொஃபைல் கிடையாது. அது கடை வைத்திருப்பவர்களுக்கும், வாடிக்கையாளர் இடத்துக்கே போய்ச் சேவை செய்பவர்களுக்கும் உரியது. வீட்டு முகவரியைக் கடை என்று காட்டி உருவாக்கினால் எப்போது வேண்டுமானாலும் நீக்கப்படலாம், சேர்த்து வைத்த ரிவ்யூவும் கூடவே போய்விடும்.

ஆக, வாட்ஸ்அப், இன்ஸ்டா வழியாக விற்பவருக்கு ரிவ்யூ என்பது வாடிக்கையாளர் அனுப்பும் செய்திதான். அதை அவர் அனுமதியோடு எடுத்துப் பக்கத்தில் போடுவதுதான் வழி. தெரிந்தவர்களை வைத்து வாங்கியது போல எழுத வைப்பது, நீங்களே வாடிக்கையாளராக எழுதுவது இரண்டும் வேண்டாம். விற்பவர் வாடிக்கையாளர் வேடத்தில் ரிவ்யூ எழுதக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகளே சொல்கின்றன.

இனி எழுதப்போவது வாட்ஸ்அப் வழியாக விற்கும் பார்சலுக்கான அட்டை.

வரி வரியாக எழுதுவோம்

விளிப்பு. "அன்பார்ந்த வாடிக்கையாளரே" என்று தொடங்கினால் வங்கிக் கடிதம் போல இருக்கும். "வணக்கம்" என்று அச்சடித்து, பக்கத்தில் கோடு விட்டு, பெயரைப் பேனாவால் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் அவர் உங்களை அக்கா என்கிறாரா, மேடம் என்கிறாரா என்று பார்த்து அதற்கு ஏற்றபடி எழுதலாம். அட்டை முழுவதும் "நான்" என்றே வரட்டும். ஒற்றை ஆளாக அரைத்துவிட்டு "எங்கள் நிறுவனம்" என்று எழுதினால் பொருந்தாது.

நன்றி. ஒரு வரி போதும், அதுவும் பொருளோடு சேர்ந்து வரட்டும். "இந்தப் பொடி ____ அன்று வறுத்து அரைத்தது" என்று எழுதித் தேதியைக் கையால் போட்டால், அதுவே "புதிதாக, அக்கறையோடு செய்தது" என்று நான்கு வரியில் சொல்ல நினைத்ததைச் சொல்லிவிடுகிறது. லேபிளில் உள்ள தேதியும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

பயன்படும் பகுதி. இட்லிப் பொடியைப் பற்றி வரும் குறைகளில் பாதி, குழைக்கும் விதத்தால் வருவது. எண்ணெய் குறைவாக ஊற்றி உடனே தொட்டுக்கொண்டால் பருப்பு நறநறவென்று இருக்கும், காரம் தூக்கலாகத் தெரியும். ஐந்து நிமிடம் நல்லெண்ணெயில் ஊறினால் அதே பொடி வேறு மாதிரி இருக்கும். இந்த ஒரு குறிப்பு சுவையையும் காக்கிறது, வரவிருந்த ஒரு குறையையும் தடுக்கிறது. கூடவே ஈரக் கரண்டி போட வேண்டாம் என்று ஒரு வரி. அத்தோடு நிறுத்திவிடுங்கள். "சர்க்கரை நோய்க்கு நல்லது", "கொழுப்பைக் கரைக்கும்" போன்றவற்றை லேபிளில் போடக் கூடாது என்று தெரிந்தவர்கள்கூட அட்டையில் எழுதிவிடுகிறார்கள். பார்சலுக்குள் போகும் அட்டையும் விளம்பரம்தான்.

கேள்வி. "உங்கள் மேலான கருத்துகளைத் தெரிவியுங்கள்" என்றால் பதில் வராது, என்ன எழுதுவது என்று அவருக்குத் தெரியாது. "காரம் உங்கள் வீட்டுக்குச் சரியாக இருந்ததா, கூடவா, குறைவா?" என்று கேளுங்கள். ஒரு வார்த்தையில் பதில் சொல்லலாம், அதனால் சொல்வார்கள். ஒரு வார்த்தை சொல்ல வந்தவர் பெரும்பாலும் அதோடு நிற்பதில்லை. "காரம் சரியா இருந்துச்சு, பையன் தோசைக்கும் இதையே கேட்கிறான்" என்று வரும். இந்த இரண்டாவது பாதிதான் நீங்கள் தேடிய ரிவ்யூ. கேள்வியில் "கூடவா" என்றும் இருப்பதால் குறை சொல்பவருக்கும் இடம் இருக்கிறது, யாரையும் பிரித்து அனுப்பவில்லை.

மறு ஆர்டர். தள்ளுபடியை எடுத்ததும் நீட்டாதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 ரூபாய் ஆர்டரில் சரக்கும் பேக்கிங்கும் 300 போனால் உங்களுக்கு நிற்பது 200. 10% தள்ளுபடி என்றால் 50 ரூபாய், அதாவது லாபத்தில் கால் பங்கு. அதுவும் தள்ளுபடி இல்லாமலேயே மறுபடி வாங்கியிருப்பவருக்கும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள். அதற்குப் பதில் அவர் வாங்காத வேறொரு பொடியை, கறிவேப்பிலைப் பொடியோ பூண்டுப் பொடியோ, இரண்டு இட்லிக்குக் காணும் அளவு சின்னப் பாக்கெட்டில் வைத்தால் செலவு அந்த 50 ரூபாயில் ஒரு சிறு பங்குதான். அடுத்த ஆர்டரில் ஒரு பாக்கெட் கூடவும் வாய்ப்பு உண்டு. அந்தச் சின்னப் பாக்கெட்டிலும் பெயர், தேதி, சேர்மானம் எல்லாம் இருக்கட்டும். நிலக்கடலை, எள் சேர்ந்திருந்தால் அவசியம்.

மறுபடி வாங்க வைப்பது பெரும்பாலும் நேரம்தான், தள்ளுபடி அதற்கு அடுத்துதான். நான்கு பேர் வீட்டில் வாரம் நான்கு நாள் இட்லி தோசை, ஒரு வேளைக்கு ஆளுக்கு ஒரு டீஸ்பூன் பொடி என்று வைத்தால் ஒரு வாரத்துக்கு ஏறக்குறைய 80 கிராம் ஆகும். 200 கிராம் பாக்கெட் இரண்டரை வாரத்தில் தீர்ந்துவிடும். தீர்ந்த அன்று மாலை அவர் தெருமுனைக் கடையில் ஏதாவது ஒன்றை வாங்கிவிடுவார். அதனால் அட்டையில் அரைக்கும் நாளைச் சொல்லுங்கள்: "செவ்வாய்தோறும் அரைக்கிறேன். திங்கள் இரவுக்குள் சொன்னால் புதன் அன்று அனுப்பிவிடுவேன்." இதில் கெஞ்சலும் இல்லை, அவசரப்படுத்தலும் இல்லை. எப்போது சொல்ல வேண்டும் என்பது மட்டும் தெரிகிறது. சொன்னால் சொன்னபடி அரைக்க வேண்டும், அது வேறு விஷயம்.

ஃபாலோ செய்யுங்கள், பகிருங்கள் என்ற வரிகளை எடுத்துவிட்டேன். இன்ஸ்டாவில் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார், பக்கம் அவருக்குத் தெரியும்.

எல்லாம் சேர்ந்த அட்டை இதோ:

> வணக்கம் ____________,
>
> இந்த இட்லிப் பொடி ____________ அன்று வறுத்து அரைத்தது. நம்பி வாங்கியதற்கு நன்றி.
>
> முதல் தடவை நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றிக் குழைத்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். டப்பாவில் ஈரக் கரண்டி மட்டும் வேண்டாம்.
>
> சாப்பிட்ட பிறகு எனக்கு ஒன்று சொல்லுங்கள்: காரம் உங்கள் வீட்டுக்குச் சரியாக இருந்ததா, கூடவா, குறைவா? கீழே உள்ள கட்டத்தை ஸ்கேன் செய்தால் வாட்ஸ்அப் திறக்கும். வேறு குறை இருந்தாலும் அங்கேயே எழுதலாம், நானே படிக்கிறேன்.
>
> செவ்வாய்தோறும் அரைக்கிறேன். பொடி தீரப் போகிறது என்றால் திங்கள் இரவுக்குள் சொல்லுங்கள், புதன் அன்று அனுப்பிவிடுவேன்.
>
> (உங்கள் பெயர், ஊர்)

பரிசாக அனுப்பச் சொல்லும் ஆர்டர்களுக்கு இதை அப்படியே வைக்காதீர்கள். சென்னையில் இருக்கும் மகள் மதுரையில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பினால், "நம்பி வாங்கியதற்கு நன்றி" என்பது அம்மாவுக்குப் புரியாது. அந்த வரிக்குப் பதில் அனுப்பியவர் பெயரைப் போட்டு, மறு ஆர்டர் வரியை எடுத்துவிட்டுத் தனியாகச் சில அட்டைகள் வைத்திருங்கள். பெங்களூர், மும்பை ஆர்டர்களில் தமிழ் பேசுவார்கள், படிக்கத் தெரியாது என்ற வீடுகள் நிறைய. அவர்களுக்காகப் பின்பக்கம் ஆங்கிலத்தில் செய்முறையும் அதே கேள்வியும் இருந்தால் போதும்.

ஸ்கேன் செய்யும் கட்டம்

க்யூஆர் கட்டத்துக்குள் பதிந்திருக்க வேண்டியது இந்த முகவரிதான். நாட்டுக் குறியீட்டோடு எண்ணைச் சேர்த்து எழுத வேண்டும், முன்னால் கூட்டல் குறியோ பூஜ்யமோ வரக் கூடாது:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=PODI-A
```

ஸ்கேன் செய்தவுடன் உங்கள் எண்ணோடு உரையாடல் திறந்து, செய்திப் பெட்டியில் `PODI-A` என்று எழுதியிருக்கும். அவர் அதன் பக்கத்தில் பதிலைச் சேர்த்து அனுப்பினால் போதும். எந்த அட்டையிலிருந்து வந்தார் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இந்த முகவரியை க்யூஆர் ஆக மாற்றித் தரும் இலவசத் தளங்களில் கவனம் தேவை. சில தளங்கள் உங்கள் முகவரியை நேரடியாகப் பதிக்காமல், தங்கள் முகவரி வழியாகச் சுற்றி அனுப்பும். சில வாரம் வேலை செய்யும், பிறகு கட்டணம் கட்டச் சொல்லி நின்றுவிடும். அதற்குள் ஆயிரம் அட்டை அச்சாகியிருக்கும். அச்சுக்குக் கொடுக்கும் முன் போன் கேமராவைக் காட்டி, திறப்பதற்கு முன் திரையில் தெரியும் முகவரியைப் படியுங்கள். `wa.me` என்று தொடங்கினால் சரி. வேறு ஏதாவது பெயர் தெரிந்தால் தளத்தை மாற்றுங்கள். கட்டம் குறைந்தது 2 செ.மீ. இருக்கட்டும், சுற்றிலும் வெள்ளை இடம் விடுங்கள். ஸ்கேன் செய்யத் தெரியாதவர்களுக்காகக் கீழே எண்ணையும் அச்சடியுங்கள்.

அச்சு

விசிட்டிங் கார்டு அளவில் மேலே உள்ள தமிழ் வாசகம் அடங்காது, அடக்கினால் படிக்க முடியாது. ஏ6 அளவு, அதாவது ஏ4 தாளில் கால் பங்கு, சரியாக இருக்கும். முதலில் ஆஃப்செட்டில் ஆயிரம் அடிக்காமல், பக்கத்து டிஜிட்டல் பிரிண்ட் கடையில் 25 ஏ4 போர்டு தாள் அடித்து வெட்டினால் 100 அட்டை கையில் இருக்கும். தாளைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு பால்பாயிண்ட் பேனாவைக் கொண்டுபோய் எழுதிப் பாருங்கள். பளபளப்பான லேமினேஷன் மேல் மை நிற்காது, பெயரும் தேதியும் எழுத முடியாது.

தமிழ் எழுத்து கடையில்தான் கெடும். போனில் தட்டச்சு செய்த யூனிகோட் வாசகத்தை அவர்கள் பழைய மென்பொருளில் ஒட்டும்போது ஒற்றைக்கொம்பு இடம் மாறி நிற்கும், "பொடி" என்ற சொல்லே உடைந்துவிடும். இல்லையென்றால் பழைய எழுத்துருவில் மறுபடி தட்டச்சு செய்வார்கள், அதில் புதுப் பிழைகள் வரும். எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் கோப்பாகக் கொடுங்கள். ஒரே ஒரு தாள் அடித்து, கெ, கே, கொ, கோ வரும் சொற்களை விரல் வைத்துப் படித்துவிட்டு மீதியை அடிக்கச் சொல்லுங்கள்.

அமேசானுக்கும் வாட்ஸ்அப்புக்கும் அட்டை தனித்தனி என்றோமே, இரண்டையும் ஒரே நிறத்தில் அடிக்காதீர்கள். தீபாவளி நேரத்தில் இரவு பதினொரு மணிக்கு பேக் செய்யும்போது கை தானாக மாற்றிப் போட்டுவிடும். பொடியின் எண்ணெய்க் கறையும் பட்டுவிடும் என்பதால் பாக்கெட்டை சீல் செய்து துடைத்த பிறகு அட்டையை மேலாக வையுங்கள்.

பதில் வந்த பிறகு

அட்டையால் வரும் ரிவ்யூ இங்கேதான் கைக்கு வருகிறது. "காரம் சரியா இருந்தது, நல்லா இருக்கு" என்று வந்தால் நன்றி சொல்லிவிட்டு, "இதை அப்படியே கடைப் பக்கத்தில் போடட்டுமா? பெயரையும் எண்ணையும் மறைத்துவிடுகிறேன்" என்று கேளுங்கள். பெரும்பாலோர் சரி என்பார்கள். சொந்த இணையதளத்தில் ரிவ்யூ எழுதும் வசதி இருந்தால், பதில் சொன்ன எல்லோருக்கும் அந்த இணைப்பை அனுப்புங்கள், காரம் அதிகம் என்றவருக்கும் சேர்த்து.

காரம் அதிகம் என்று ஒருவர் சொன்னால் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டாம். அவர் பெயருக்கு நேராக "காரம் குறைவு" என்று நோட்டில் குறித்து, அடுத்த தடவை மிளகாய் குறைத்து அரைத்துத் தர முடியுமா என்று மட்டும் சொல்லுங்கள். முடியாது என்றால் எந்தப் பொடி காரம் குறைந்தது என்று சொல்லுங்கள்.

அட்டை வேலை செய்கிறதா என்று பார்க்க, கேள்வியை மாற்றி இன்னொரு வடிவம் அடித்து அதில் `PODI-B` போடுங்கள். ஆடி மாதம் முழுக்க ஒன்று, தீபாவளி மாதம் முழுக்க இன்னொன்று என்று வைத்தால் எது அட்டையால் வந்தது, எது பண்டிகையால் வந்தது என்று பிரிக்க முடியாது. பார்சலுக்குப் பார்சல் மாற்றி மாற்றிப் போடுங்கள். இரண்டிலும் 50 அட்டை போனபின் ஒன்றில் 6 பதிலும் மற்றதில் 4 பதிலும் வந்தால் இரண்டும் சமம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 15, மற்றதில் 4 என்று வந்தால் ஆஃப்செட்டுக்குப் போகலாம், அப்போதும் தேதிக்கு விட்ட கோட்டை அச்சகத்தார் அலங்காரம் என்று நினைத்து எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.